மூன்று எண்கள், மூன்று பெட்டிகள், 48 தவறான விடைகள்

மூன்று இரண்டு-பிட் எண்களை உள்ளே கொடுத்தால் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கி வெளியே தரும் ஒரு சுற்றை லாஜிசிம் மென்பொருளில் வரைந்தேன். எண்கள் 0 முதல் 3 வரைதான். ஆறு கம்பிகள் உள்ளே போகின்றன, ஆறு கம்பிகள் வெளியே வருகின்றன. 64 வரிகள் கொண்ட உண்மை அட்டவணை எழுதி, ஒவ்வொரு வெளியீட்டுக்கும் தனித்தனியே சமன்பாடு கண்டுபிடித்தும் இதைச் செய்யலாம். ஆனால் எந்தக் கம்பி எதற்காக இருக்கிறது என்பது அப்படிச் செய்த சுற்றைப் பார்த்தால் தெரியாது. ஒரே பெட்டியை மூன்று முறை வைத்து அடுக்கும் வழி எனக்குப் பிடித்திருந்தது.

அந்தப் பெட்டிக்குள் ஒரு கம்பேரேட்டரும் இரண்டு மல்டிபிளெக்ஸர்களும் இருக்கின்றன. A, B என்ற இரு எண்களைக் கம்பேரேட்டர் ஒப்பிட்டு, A பெரியது என்றால் 1 தருகிறது. அந்த ஒரு கம்பியே இரு மல்டிபிளெக்ஸர்களின் தேர்வு முனைக்கும் போகிறது. மேல் மல்டிபிளெக்ஸர் சிறிய எண்ணைத் தர வேண்டும், ஆகவே அதன் 0 வாயிலில் A, 1 வாயிலில் B. கீழ் மல்டிபிளெக்ஸர் பெரிய எண்ணைத் தர வேண்டும், ஆகவே வாயில்கள் இடம் மாறும்: 0-இல் B, 1-இல் A. எண்கள் சமமாக இருந்தால் தேர்வு எப்படிப் போனாலும் கவலையில்லை, இரு பக்கமும் ஒரே எண்தான்.

நான் முதலில் இரண்டு மல்டிபிளெக்ஸர்களுக்கும் ஒரே மாதிரிக் கம்பி இழுத்துவிட்டேன். 1, 0, 1 கொடுத்தேன். 0, 0, 0 வந்தது. வரிசை என்று பார்த்தால் அதில் குற்றமே இல்லை, ஆனால் உள்ளே போன இரண்டு 1-களும் காணாமல் போயிருந்தன. வெளியே வருவது வரிசையாக இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பது போதாது, உள்ளே போனவை அத்தனையும் வெளியே வந்தனவா என்றும் பார்க்க வேண்டும் என்று அப்போது குறித்துக்கொண்டேன்.

பெட்டியைச் சரிசெய்ததும் வலையமைப்பு. முதல் பெட்டி 1, 2-ஆம் தடங்களை ஒப்பிடுகிறது. இரண்டாவது 2, 3-ஆம் தடங்களை. மூன்றாவது மறுபடி 1, 2-ஆம் தடங்களை. கடைசிப் பெட்டி தேவையா என்று எனக்கும் ஐயம் வந்தது. 3, 1, 2 போன்ற உள்ளீட்டுக்கு இரண்டே பெட்டிகள் போதும். ஆனால் மிகச் சிறிய எண் மூன்றாம் தடத்தில் நுழைந்தால், இரண்டு பெட்டிகளால் அதை நடுத்தடம் வரைதான் ஏற்ற முடியும். எண்ணிப் பார்த்தாலும் இதே முடிவுதான்: மூன்று வெவ்வேறு எண்களை 6 விதமாக அடுக்கலாம், ஆம்-இல்லை என்ற இரண்டு விடைகளோ அதிகபட்சம் 4 நிலைமைகளையே பிரித்துக் காட்டும். 3, 1, 0 என்ற உள்ளீடு கடந்து போக வேண்டிய பாதை இது:

```
11  01  00
01  11  00
01  00  11
00  01  11
```

அடுத்தது சோதனை. வரிசைப்படுத்தும் வலையமைப்புகளுக்கு ஓர் அழகான தேற்றம் உண்டு: 0, 1 ஆகியவற்றால் மட்டுமே ஆன எல்லா உள்ளீடுகளையும் ஒரு வலையமைப்பு சரியாக அடுக்கினால், எந்த எண்களையும் அது சரியாக அடுக்கும். மூன்று தடங்களுக்கு 8 உள்ளீடுகள்தான். எட்டையும் கையால் கொடுத்தேன், எட்டும் சரி. அத்துடன் நிறுத்த மனமில்லாமல், ஆறு பிட் கவுண்டர் ஒன்றை உள்ளீட்டில் மாட்டி 64 சேர்க்கைகளையும் ஓடவிட்டேன். வெளியீட்டில் இன்னும் இரண்டு கம்பேரேட்டர்கள். அடுத்தடுத்த எண்களில் முன்னது பெரியதாக இருந்தால் சிவப்பு விளக்கு எரிய வேண்டும். உள்ளே போன மூன்று எண்களின் கூட்டுத்தொகையும் வெளியே வந்தவற்றின் கூட்டுத்தொகையும் ஒன்றா என்று பார்க்கக் கூட்டிகளையும் சேர்த்தேன். 64 துடிப்புகளிலும் விளக்கு எரியவில்லை.

முடிந்தது என்று நினைத்து, மேலே எழுதிய பாதையைக் கண்ணால் பார்க்கும் ஆசையில் 3, 1, 0 கொடுத்தேன். வெளியே வந்தது 3, 0, 1.

முதலில் கம்பிகளைத்தான் சந்தேகித்தேன். பின்பு ஒரு பெட்டியை மட்டும் தனியே எடுத்து வைத்து 16 ஜோடிகளையும் கொடுத்துப் பார்த்தபோது 8 ஜோடிகள் தவறாக வந்தன. தவறியவை எல்லாம் ஒரே வகை: 0 அல்லது 1 ஒரு பக்கம், 2 அல்லது 3 மறுபக்கம். 0-ஐயும் 1-ஐயும் ஒப்பிட்டால் சரி; 2-ஐயும் 3-ஐயும் ஒப்பிட்டாலும் சரி. மேல் பிட்டை யாரோ தலைகீழாக வாசிப்பது போலிருந்தது. உண்மையும் அதுதான். லாஜிசிமின் கம்பேரேட்டரில் `Numeric Type` என்ற அமைப்பு, நாம் தொடாதவரை `2's Complement` என்றே இருக்கும். மேல் பிட்டுக்கு எதிர்மதிப்பு தரும் அந்தக் கணக்கில் `10` என்பது 2 அல்ல, -2. `11` என்பது -1. என் வலையமைப்பு 2, 3, 0, 1 என்ற வரிசையைக் கடைசிவரை மிக நேர்மையாகக் கடைப்பிடித்திருக்கிறது.

64 சேர்க்கைகளில் 0, 1 மட்டும் உள்ளவை 8. 2, 3 மட்டும் உள்ளவை 8. இந்த 16-ம் சரியாக வரும். மீதி 48-ம் தவறு. நான் கையால் கொடுத்துப் பார்த்த எட்டு உள்ளீடுகளும் அந்த 16-க்குள் அடங்கிவிட்டன. தேற்றத்தில் பிழையில்லை. பெட்டி சரியாக ஒப்பிடுகிறது என்பதை முன்கூட்டியே ஏற்றுக்கொண்டு, பெட்டிகளை இணைத்த விதம் சரியா என்ற கேள்விக்கு மட்டும் அது விடை சொல்கிறது. பெட்டியின் உள்ளே என்ன நடக்கிறது என்பது அதன் பொறுப்பல்ல.

விளக்கு எரியாததுதான் என்னை அதிகம் உறுத்தியது. சோதிக்க வைத்த கம்பேரேட்டர்களும் அதே பட்டியலிலிருந்து, அதே அமைப்போடு எடுத்தவை. 3, 0, 1 என்பது அவற்றின் கணக்கில் -1, 0, 1. விளக்கு ஏன் எரியும்? கூட்டிகளும் குறை காணவில்லை, ஏனென்றால் எந்த எண்ணும் தொலையவில்லை.

ஆகவே சோதனைப் பகுதியை மாற்றினேன். கம்பேரேட்டரைப் பயன்படுத்தாமல், A > B என்பதற்கான சமன்பாட்டை AND, OR, NOT வாயில்களாலேயே வரைந்தேன்:

```
G = A1·B1' + A0·B1'·B0' + A1·A0·B0'
```

A1, B1 மேல் பிட்கள், A0, B0 கீழ் பிட்கள், மேற்கோள் குறி தலைகீழாக்குவதைக் குறிக்கிறது. A-இன் மேல் பிட் பெரியது என்றால் முதல் உறுப்பே போதும். மேல் பிட்கள் இரண்டும் 0 என்றால் இரண்டாவதும், இரண்டும் 1 என்றால் மூன்றாவதும் கீழ் பிட்டைக் கொண்டு முடிவு செய்கின்றன. இதை மாட்டி, பெட்டியைத் திருத்தாமல் வேண்டுமென்றே பழையபடி ஓடவிட்டேன். இம்முறை சிவப்பு விளக்கு சரியாக 48 சேர்க்கைகளில் எரிந்தது. அதன்பிறகே பெட்டிக்குள் போய் `Unsigned` என்று மாற்றினேன். மூன்று இடங்களிலும் ஒரே பெட்டி என்பதால் ஒரு முறை மாற்றினால் போதுமாக இருந்தது.

இப்போது பெட்டியை 16 ஜோடிகளாலும், இணைப்பை 8 உள்ளீடுகளாலும் தனித்தனியே சோதிக்கிறேன். இரண்டு பிட்களுக்கு 64-ஐயும் ஓட்டிவிடலாம், மிச்சம் பெரிதல்ல. நான்கு பிட் எண்களுக்கு அதே வலையமைப்பை விரித்தபோது, 4096 சேர்க்கைகளுக்குப் பதிலாக 256-ம் 8-ம் சேர்ந்து 264 சோதனைகளில் வேலை முடிந்தது. வாயில்களால் ஆன அந்தச் சமன்பாட்டை மட்டும் நான்கு பிட்டுக்குப் புதிதாக எழுத வேண்டியிருந்தது.