மேட்டை எடுத்து, இருக்கையைப் பொருத்தி: ஒரு குளியலறையின் வேலைக் குறிப்பு

மார்ச் 3

பெரியவருக்கு 78 வயது, எடை 72 கிலோ, இடது முழங்கால் வலுவில்லை. ஷவர் பகுதி 90 செ.மீ. அகலம், 120 செ.மீ. நீளம். நுழையும் இடத்தில் 10 செ.மீ. உயரத்துக்கு ஒரு மேடு, அதைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். நுழைவுக்கு எதிரே உள்ள குட்டைச் சுவரில் மடக்கு இருக்கை வரும். அதில் உட்கார்ந்தால் நீளச் சுவர் அவருக்கு வலப்பக்கம், அதாவது நல்ல காலின் பக்கம்.

கைப்பிடிக் கம்பி வாங்குவதற்கு முன் ஒத்திகை பார்த்துவிட வேண்டும். ஈரமில்லாத தரையில், துணியோடு, இருக்கை வரப்போகும் இடத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு அவரை உட்காரவும் எழவும் சொன்னோம். கை தானாகச் சுவரில் போய் நின்ற இடங்களில் டேப் ஒட்டினோம். இந்த அடையாளங்கள்தான் வரைபடம். கம்பி அட்டைப்பெட்டியில் அச்சிட்ட உயரம் அவருடைய உடலை அறியாது.

முழங்கால் மடிப்பிலிருந்து தரை வரை 43 செ.மீ. இருக்கையின் மேற்பரப்பை 46-இல் வைக்கிறோம். சற்று உயர்ந்திருந்தால் எழுவது எளிது. அதற்கு மேல் போனால் குதிகால் தரையில் பதியாது. ஈர இருக்கையில் உடல் முன்னால் வழுக்க அதுவே காரணமாகிவிடும்.

வலப்பக்கச் சுவரில் எல் வடிவக் கம்பி. அதன் படுக்கைப் பகுதி இருக்கைக்கு மேல் 20 செ.மீ.: உள்ளங்கையை ஊன்றி அழுத்தி எழுவதற்கு. நிமிர்ந்த பகுதி இருக்கையின் முன்விளிம்பைத் தாண்டி 25 செ.மீ. தள்ளி: எழுந்தபின் பிடித்து நிலைகொள்வதற்கு. நுழைவில் தனியாக ஒரு நேர்நிமிர்ந்த கம்பி. சாய்வாகப் பொருத்தும் கம்பியை நாங்கள் போடுவதில்லை, சோப்புக் கை அதில் கீழே சறுக்கும்.

கம்பியின் விட்டம் 32 மி.மீ., சுவருக்கும் அதற்கும் இடைவெளி 38 மி.மீ. இடைவெளி அதிகமாக இருந்தால் நல்லதுதானே என்று பலர் நினைக்கிறார்கள். கால் தடுமாறும்போது முன்கை அந்த இடுக்குக்குள் புகுந்து சிக்கினால் எலும்பு முறியும்.

மார்ச் 4

இன்று சுவர் சோதனை. வேலையில் முக்கியமான நாள் இதுதான்.

டைல்ஸ் இணைப்புக் கோட்டில் மெல்லிய துளை போட்டு, வெளிவரும் தூளைப் பார்த்தோம். நீளச் சுவரில் பூச்சைத் தாண்டியதும் சீராகச் செந்தூள் வந்தது. திடச் செங்கல். குட்டைச் சுவரில் சாம்பல் தூள் கொஞ்சம் வந்த பிறகு டிரில் திடீரென்று உள்ளே பாய்ந்தது. துளையுள்ள பிளாக்.

இருக்கை வர வேண்டிய சுவரே இப்படி இருக்கிறது. சுவரில் மட்டும் தொங்கும் இருக்கையில் 100 கிலோ எடை, சுவரிலிருந்து 25 செ.மீ. தள்ளி இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். தாங்கித் தகட்டின் மேல் ஸ்க்ரூக்களுக்கும் கீழ் விளிம்புக்கும் இடையே 10 செ.மீ. இருந்தால், மேல் ஸ்க்ரூக்களை வெளியே பிடுங்கும் இழுவை 250 கிலோ அளவுக்குப் போகும். தொப்பென்று உட்கார்ந்தால் இன்னும் கூடும். பிளாக்கின் மெல்லிய ஓடு இதைத் தாங்காது.

அதனால் முன்பக்கம் மடக்குக் கால்கள் உள்ள இருக்கை. கால்கள் சுவரிலிருந்து 38 செ.மீ. தள்ளி நின்றால், அதே எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு கால் வழியே தரைக்குப் போய்விடும். சுவரைப் பிடுங்கும் இழுவை பெரும்பாலும் மறைகிறது, கீழ்நோக்கிய சுமைதான் மிஞ்சுகிறது. அதற்கும் சாதாரண பிளக் போதாது. வலைக்குழாயைத் துளைக்குள் செருகி, ரசாயனப் பசையை நிரப்பி, திருகுக்கம்பியை அதில் பதிக்க வேண்டும்.

மார்ச் 6

மேட்டை உடைத்தாயிற்று. உடைப்பது சுலபம், அது தடுத்துக்கொண்டிருந்த தண்ணீருக்கு வேறு வழி காட்டுவதுதான் வேலை. நீளவாக்கு வடிகாலை இருக்கைச் சுவரை ஒட்டி, நுழைவிலிருந்து மிகத் தொலைவில் வைக்கிறோம். தரை முழுவதும் அதை நோக்கி ஒரே வாட்டம், மீட்டருக்கு 20 மி.மீ. இங்கே 120 செ.மீ. நீளத்துக்கு 24 மி.மீ. இறக்கம். நடுவில் வடிகால் வைத்து நாலு பக்கமும் வாட்டம் கொடுத்தால் தரை நாலு முக்கோணமாகும். இருக்கையின் கால்கள் சமமாக நிற்காது.

வடிகாலில் நாற்றம் மேலேறாமல் தடுக்கும் நீரடைப்புக்கும் குழாய்க்கும் தரைக்குக் கீழே ஆழம் வேண்டும். இந்த வீட்டில் பழைய நிரப்புச் சாந்தைத் தோண்டியதில் அது கிடைத்தது. கிடைக்காத இடத்தில் கான்கிரீட் தளத்தைக் கொத்தக் கூடாது. வெளித்தரையை உயர்த்தலாம், அல்லது 12 மி.மீ.க்கு மிகாமல் இருபுறமும் சரிவு கொடுத்த தடுப்போடு நிறுத்திக்கொள்ளலாம்.

மார்ச் 10

வாட்டர்ப்ரூஃபிங் இரண்டு கோட், இரண்டாவது முதலாவதுக்குக் குறுக்காக. சுவரும் தரையும் சேரும் மூலைகளில் வலைநாடா. மேடு இல்லாததால் பூச்சு ஷவர் எல்லையோடு நிற்காமல் குளியலறைத் தரை முழுவதும் போகிறது. நன்றாகக் காய்ந்தபின் வடிகாலை அடைத்து, நுழைவில் தற்காலிக வரப்பு கட்டி, தண்ணீர் நிறுத்தி, மட்டத்தைப் பென்சிலால் குறித்தாயிற்று.

மார்ச் 11

24 மணி நேரமாகியும் மட்டம் இறங்கவில்லை, கீழ்த்தளத்தின் கூரையிலும் ஈரமில்லை. டைல்ஸ் ஒட்டலாம். தரைக்கு 5 செ.மீ. சதுரத்தில் சொரசொரப்பான சிறு டைல்ஸ். இணைப்புக் கோடுகள் அதிகம் என்பதால் பாதத்துக்குப் பிடிப்பும் அதிகம்.

மார்ச் 18

துளையிடும் நாள். ஸ்க்ரூவின் நீளத்தை முதலில் கணக்கிட வேண்டும். டைல் 8 மி.மீ., பசை 4, பூச்சு 15: மொத்தம் 27 மி.மீ. வெறும் போர்வை, வலிமையில் சேராது. கம்பியோடு வந்த 50 மி.மீ. ஸ்க்ரூவில் செங்கல்லைப் பிடிப்பது 20 சொச்சம்தான். பொருத்திய அன்று அசையாது, சில மாதத்தில் ஆடத் தொடங்கும். நாங்கள் போட்டது 80 மி.மீ., துருப்பிடிக்காத எஃகு, ஒவ்வொரு வட்டத் தகட்டுக்கும் மூன்று.

டைலை வைர முனையால், தண்ணீர் விட்டு, சுத்தியல் விசையை அணைத்துத் துளைக்க வேண்டும். டைலில் உள்ள துளை பிளக்கைவிட 2 மி.மீ. பெரிதாக இருக்கட்டும். பிளக் முழுவதும் செங்கல்லுக்குள் போய்விட வேண்டும், டைலுக்குள் விரிந்தால் அன்றோ மறுநாளோ விரிசல் ஓடும். துளைத் தூளை ஊதி வெளியேற்றி, சிலிகான் நிரப்பி, அதன்மேல் ஸ்க்ரூ.

இருக்கையின் கால்களைத் தரையில் திருகவில்லை. திருகினால் வாட்டர்ப்ரூஃபிங் ஓட்டையாகும். ரப்பர் அடியைத் திருப்பி வாட்டத்துக்கு ஏற்ப உயரம் சரிசெய்து, ரசமட்டம் வைத்துப் பார்த்தாயிற்று.

மார்ச் 20

இருக்கைச் சுவரின் ரசாயனப் பசை இறுகியபின் சுமைச் சோதனை. 95 கிலோ எடையுள்ள ஒருவர் கம்பியில் முழு எடையையும் மெல்ல இறக்கித் தொங்கினார், பிறகு இருக்கையின் முன்விளிம்பில் உட்கார்ந்தார். தகட்டோரம் முடியளவு நகர்வும் இல்லை.

பெரியவர் உள்ளே போய்ப் பார்த்தபோது ஒன்று தெரிந்தது. எழும்போது அவர் கை கைஷவர் ஏறி இறங்கும் தண்டைத் தேடியது. அந்தத் தண்டு ஷவர் எடைக்கு மட்டுமே செய்தது. கைக்கு எட்டும் எதையும் பிடிக்கத்தான் செய்வார்கள். அதைக் கழற்றி, எல் கம்பியின் நிமிர்ந்த பகுதியிலேயே கைஷவருக்கான கவ்வியை மாட்டினோம். துண்டுக் கம்பியும் கைக்கு எட்டாத சுவருக்குப் போனது.

ஏப்ரல் 20

ஒரு மாதச் சோதனை. தகட்டைச் சுற்றிய சிலிகான் வளையத்தில் கீறல் இருந்தால் கம்பி அசைகிறது என்று பொருள். பழுப்புக் கறை வழிந்திருந்தால் உள்ளே ஸ்க்ரூ துருப்பிடிக்கிறது. இரண்டும் இல்லை. வடிகால் சல்லடையில் முடி அடைத்திருந்தது. மேடு இல்லாத ஷவரில் வடிகால் அடைத்தால் தண்ணீர் நேரே வெளித்தரைக்கு வரும், ஆகவே அதைக் கழற்றிக் கழுவுவது வாரம் ஒருமுறை என்று வீட்டாரிடம் சொல்லியிருக்கிறோம்.