PL-300 தேர்வில் மொபைல் லேஅவுட்: 12 விஷுவலில் எதை விட்டேன், எதை வைத்தேன்

மைக்ரோசாஃப்ட் பவர் பிஐக்கான PL-300 தேர்வு எழுதுகிறவர்கள் DAX, டேட்டா மாடல், பவர் க்வெரி என்று ஓடிக்கொண்டிருக்கும்போது, ரிப்போர்ட்டை மொபைலுக்கு ஏற்ப அமைப்பது என்ற ஒரு வரி பாடத்திட்டத்தில் இருப்பதையே கவனிப்பதில்லை. View டேபில் Mobile layout என்று ஒரு பட்டன் இருக்கிறது, அதை அழுத்தினால் போன் வடிவத்தில் ஒரு கேன்வாஸ் வரும், இவ்வளவு தெரிந்தால் போதும் என்று விட்டுவிடுவார்கள். சூழலை விவரித்துக் கேட்கும் கேள்வி வந்தால் அது போதாது. எது மாறும், எது மாறாது என்பதில்தான் விடை ஒளிந்திருக்கும். அதை மனப்பாடம் செய்வதைவிட, ஒரு ரிப்போர்ட்டை எடுத்து உண்மையிலேயே போனுக்கு இறக்கிப் பார்ப்பது சுலபம். நான் படித்த விதம் அதுதான்.

பயிற்சிக்கு டெலிவரி கண்காணிப்பு ரிப்போர்ட் ஒன்றைச் செய்துகொண்டேன். டெஸ்க்டாப் பக்கத்தில் நான்கு கார்டு, ஒரு லைன் சார்ட், மண்டலவாரியாகத் தாமதம் காட்டும் பார் சார்ட், தாமதக் காரணங்களுக்கு ஒரு டோனட், ஒரு மேப், ஒன்பது பத்தி உள்ள டேபிள், மூன்று ஸ்லைசர். ஆக 12. கம்ப்யூட்டர் திரையில் பார்க்க நன்றாகவே இருந்தது.

முதலில் Auto-create வசதியை அழுத்திப் பார்க்கலாம். பக்கத்தில் உள்ளவற்றை அதுவே போனுக்கு ஏற்ப அடுக்கிக் கொடுக்கும். தொடக்கத்துக்கு உதவும், ஆனால் எதை விடுவது என்ற முடிவை அது உங்களுக்காக எடுக்காது. அந்த முடிவை எடுக்க நான் ஒரு கேள்வி வைத்துக்கொண்டேன்: கிடங்கு வாசலில் நின்றுகொண்டு ஒரு கையில் போனை வைத்திருக்கும் மேற்பார்வையாளர், இதைப் பார்த்த அடுத்த நிமிடம் என்ன செய்யப்போகிறார்? இன்று தாமதம் கூடியிருக்கிறதா என்று பார்ப்பார். எந்த மண்டலம் என்று பார்ப்பார். பிறகு எந்த ஆர்டருக்குப் போன் போட வேண்டும் என்று தேடுவார். இந்த மூன்றில் எதற்கும் உதவாத விஷுவல் போனுக்கு வேண்டாம். லைன் சார்ட்டும் டோனட்டும் வாரக் கூட்டத்துக்கு உரியவை, வாசலில் நிற்பவருக்கு அல்ல. இரண்டு கார்டும் இரண்டு ஸ்லைசரும் அதே காரணத்துக்காகப் போயின. மேப் போனதற்கு வேறு காரணம், அதைப் பின்னால் சொல்கிறேன். மிஞ்சியவை: தாமதமான டெலிவரி கார்டு, நிலுவை கார்டு, மண்டல பார் சார்ட், மண்டல ஸ்லைசர். இவற்றோடு விவரப் பக்கத்துக்குப் போக ஒரு பட்டன்.

இங்கேதான் தேர்வுக்கு வேண்டிய முதல் விஷயம் வருகிறது. அந்தப் பட்டனை மொபைல் கேன்வாஸில் புதிதாகச் செருக முடியாது. டெஸ்க்டாப் பக்கத்தில் ஏற்கெனவே இருப்பதை மட்டும்தான் Page visuals பட்டியலிலிருந்து இழுத்துப் போடலாம். எடுத்துப் போடாமல் விடலாம், இடம் மாற்றலாம், அளவு மாற்றலாம், எழுத்தின் அளவு, நிறம் போன்ற ஃபார்மேட்டை மாற்றலாம். இவை எதுவும் டெஸ்க்டாப் பக்கத்தைத் தொடாது. ஆனால் ஒன்பது பத்தி டேபிளை மொபைலில் மட்டும் மூன்று பத்தியாக்க முடியாது, பார் சார்ட்டை மொபைலில் மட்டும் வேறு வகையாக்கவும் முடியாது. விஷுவல் ஒன்றுதான், அதற்குப் போட்டிருக்கும் சட்டைதான் இரண்டு. அதனால் ஆர்டர் எண், வாடிக்கையாளர், தாமத நிமிடம் என்று மூன்று பத்தி மட்டும் உள்ள டேபிளுக்கு நான் தனிப் பக்கமே வைத்தேன். டெஸ்க்டாப் அமைப்பு மாறாமல் போனில் படிக்க வசதி செய்ய வேண்டும் என்று கேள்வி வந்தால், பக்க அளவை மாற்றுவது, ரிப்போர்ட்டைப் பிரதி எடுப்பது போன்ற விடைகளை இந்த வரம்பை வைத்தே தள்ளிவிடலாம்.

இதோடு ஒட்டிய இன்னொன்றும் உண்டு. மொபைல் பக்கத்தில் நீங்கள் தொடாத ஃபார்மேட் எல்லாம் டெஸ்க்டாப்பைப் பின்தொடரும். ஒன்றைத் தொட்டுவிட்டால் அந்த ஒன்று மட்டும் பிரிந்துவிடும். கார்டின் எழுத்தளவை மொபைலில் பெரிதாக்கிய பிறகு டெஸ்க்டாப்பில் அதை மாற்றினால், போனில் பழைய அளவே நிற்கும். மாறிய அமைப்புகளுக்குப் பக்கத்தில் ஒரு அடையாளம் தெரியும், வேண்டாமென்றால் மொபைல் மாற்றத்தை மட்டும் நீக்கிக்கொள்ளலாம். "டெஸ்க்டாப்பில் மாற்றினேன், போனில் மாறவில்லை" என்ற புகாருக்கு முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

அடுத்தது விரல். சுட்டியின் முனை ஒரு புள்ளி. கட்டைவிரல் அப்படியல்ல, தொடும் இடத்தையே மறைத்துக்கொள்ளும். ஆப்பிள் சொல்லும் குறைந்தபட்ச அளவு 44×44 பாயிண்ட், ஆண்ட்ராய்டுக்கான மெட்டீரியல் டிசைன் சொல்வது 48×48 டிபி. டிபி என்பது அங்குலத்துக்கு 160 என்ற கணக்கு, ஆகவே 48 டிபி ஏறக்குறைய 7.6 மில்லிமீட்டர். 2023-இல் வந்த இணைய அணுகல்தன்மை வழிகாட்டியான WCAG 2.2, ஏஏ தரத்துக்கு 24×24 சிஎஸ்எஸ் பிக்சல் போதும் என்கிறது. அது விதிவிலக்குகளோடு கூடிய கடைசிப் படி, குறிக்கோள் அல்ல. நடந்துகொண்டே பார்க்கிற ரிப்போர்ட்டுக்கு 48-ஐத்தான் பிடித்துக்கொள்வேன்.

இந்த எண்ணை விஷுவலில் போட்டுப் பார்த்தால் பல முடிவுகள் தானாக வரும். டோனட்டை எடுத்துக்கொள்ளுங்கள். வெளி விட்டம் 120 டிபி என்றால் சுற்றளவு சுமார் 377. ஐந்து சதவீதக் காரணத்துக்குக் கிடைக்கும் வில் 19 டிபி. அதைத் தொட்டு வடிகட்டுங்கள் என்று யாரிடமும் சொல்ல முடியாது. பார் சார்ட்டிலும் இதே சிக்கல் வேறு உருவில் இருக்கிறது. முதல் மண்டலத்தில் 60 தாமதம், கடைசியில் 2. முதல் பார் 240 டிபி நீளம் என்றால் கடைசி பார் 8 டிபி. எனவே பார் சார்ட்டைப் பார்ப்பதற்கு மட்டும் வைத்துக்கொண்டு, தேர்ந்தெடுக்கும் வேலையை ஸ்லைசருக்குக் கொடுத்தேன். கம்ப்யூட்டரில் சுட்டியை மேலே கொண்டுபோனால் தெரியும் எண்கள் போனில் அப்படித் தெரியாது என்பதால் பார்களுக்கு டேட்டா லேபிளையும் போட்டுவிட்டேன்.

ஸ்லைசரில் எட்டு மண்டலம். வழக்கமான பட்டியல் வடிவில், சின்ன எழுத்தில் வரிகள் நெருக்கமாக இருக்கும். மூன்றாவதைத் தொட நினைத்தால் நான்காவது விழும். வரிக்கு 48 டிபி கொடுத்தால் 8×48 = 384. 360×640 டிபி திரையில் பாதிக்கு மேல் ஸ்லைசரே விழுங்கிவிடும். அதனால் Dropdown ஆக்கினேன், மூடியிருக்கும்போது ஒரே வரி. திறந்தால் வரும் பட்டியலிலும் விரலுக்கு இடம் வேண்டும், ஆகவே எழுத்தளவைக் கூட்ட மறக்கக் கூடாது. மூன்று நான்கு தெரிவுகள் மட்டும் என்றால் பட்டன் வடிவ ஸ்லைசரே மேல், ஒரு தட்டலில் வேலை முடியும். அகலக் கணக்கு இப்படி: 360-இல் இரு ஓரமும் 16, இடைவெளி 8 வீதம் விட்டால் இரண்டு கார்டுக்குத் தலா 160, மூன்றுக்கு 104. நூற்று நான்கில் விரல் பிரச்சினை இல்லை, ஆறு இலக்க எண்ணும் அதன் தலைப்பும் அடங்குவதுதான் பிரச்சினை. ஆகவே வரிசைக்கு இரண்டு.

இப்போது மேப். போனில் பக்கத்தை மேலே தள்ள விரல் இழுக்கும்போது, விரல் மேப்பின்மேல் இருந்தால் பக்கம் நகராமல் மேப் நகரும். திரை அகலத்துக்கு மேப் வைத்தால் ஆள் அங்கேயே மாட்டிக்கொள்வார். தனக்குள்ளேயே ஸ்க்ரோல் ஆகும் டேபிளுக்கும் இதே நோய். மேப்பை விட்டேன், டேபிளை விவரப் பக்கத்துக்கு அனுப்பினேன், அங்கே வேறு எதையும் வைக்கவில்லை. ஸ்க்ரோல் ஆனால் அந்த டேபிள்தான் ஆகட்டும்.

அந்தப் பக்கத்துக்குப் போகும் பட்டனுக்கு Action வகை Page navigation. உயரம் 56, அகலம் முழுவதும், திரையின் கீழ்ப்பகுதியில், கட்டைவிரல் எட்டும் இடத்தில். ஒரு கண்ணி இருக்கிறது: முதல் பக்கத்தில் ஒரு மண்டலத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டுப் பட்டனை அழுத்தினால், விவரப் பக்கத்தில் எல்லா மண்டல ஆர்டர்களும் வந்து நிற்கும். ஸ்லைசரின் தேர்வு தானாகப் பக்கம் தாண்டாது. View டேபில் Sync slicers திறந்து, விவரப் பக்கத்துக்கும் சேர்த்து Sync குறியிட வேண்டும். அங்கே ஸ்லைசர் கண்ணுக்குத் தெரிய வேண்டியதில்லை என்றால் கண் குறியை எடுத்துவிடலாம், வடிகட்டல் மட்டும் வேலை செய்யும். மொபைல் அமைப்பைப் பற்றியது போலத் தோன்றும் கேள்வி உண்மையில் இதைக் கேட்பதாகவும் இருக்கலாம்.

சோதிக்கும்போது டெஸ்க்டாப்பில் உள்ள மொபைல் கேன்வாஸை நம்ப வேண்டாம். அங்கே ஸ்லைசர் வேலை செய்யும், ஆனால் அழுத்துவது சுட்டி. பப்ளிஷ் செய்து பவர் பிஐ ஆப்பில் திறந்து, போன் பிடித்த அதே கையின் கட்டைவிரலால் ஸ்லைசரைத் திறந்து ஒவ்வொரு மண்டலமாகத் தொட்டுப் பாருங்கள். பக்கத்து வரி ஒருமுறை விழுந்தாலும் எழுத்தளவை ஏற்ற வேண்டும். ஸ்கேலைத் திரையில் வைத்து அளந்தாலும் சரிதான், 7.6 மில்லிமீட்டருக்குக் கீழே இருப்பது எதுவென்று உடனே தெரியும். பிறகு போனைப் படுக்கையாகத் திருப்புங்கள்: மொபைல் அமைப்பு போய் டெஸ்க்டாப் பக்கம் வரும். அது பழுதல்ல, மொபைல் அமைப்பு நிமிர்ந்த நிலைக்கு மட்டும்தான். ஏதாவது ஒரு பக்கம் நிமிர்ந்த நிலையிலும் டெஸ்க்டாப் வடிவில் சிறுத்துத் தெரிந்தால், அந்தப் பக்கத்துக்கு அமைப்பே செய்யவில்லை என்று பொருள். ரிப்போர்ட் முழுவதற்கும் ஒரே முறை செய்வது கிடையாது, பக்கத்துக்குப் பக்கம் தனித்தனி.

கேள்வியில் ரிப்போர்ட் என்றிருக்கிறதா, டாஷ்போர்டு என்றிருக்கிறதா என்பதையும் பாருங்கள். பேச்சில் இரண்டையும் டாஷ்போர்டு என்றே சொல்கிறோம், பவர் பிஐயில் இரண்டும் வேறு. டாஷ்போர்டு என்பது சர்வீஸில் டைல்களைப் பின் செய்து உண்டாக்குவது, டெஸ்க்டாப் மென்பொருளில் அது இல்லவே இல்லை. அதற்கான போன் அமைப்பை பிரவுசரில் சர்வீஸைத் திறந்து, டாஷ்போர்டின் Edit மெனுவில் உள்ள Mobile layout வழியாகச் செய்ய வேண்டும். வேண்டாத டைலை அங்கே அன்பின் செய்தால் போன் காட்சியிலிருந்து மட்டும் போகும், பிரவுசரில் பார்ப்பவருக்கு அது இருந்த இடத்திலேயே இருக்கும்.