சூப்பர்வைசரிலிருந்து சேஃப்டி ஆபீசர்: டிப்ளமோவா, குறுகிய கோர்ஸா?

டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்து, ஓசூர்ப் பக்கம் ஒரு ஃபேக்டரியில் ஆறு வருடம் வேலை பார்த்தவர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். கையில் பிரிட்டனின் நெபோஷ் ஐ.ஜி.சி. பாதுகாப்புச் சான்றிதழ், அமெரிக்கத் தொழிலாளர் பாதுகாப்பு அமைப்பான ஓஷாவின் 30 மணி நேரச் சான்றிதழ், முதலுதவிப் பயிற்சிச் சான்றிதழ் மூன்றும் இருக்கின்றன. சேஃப்டி ஆபீசர் வேலைக்கு விண்ணப்பிக்கிறார். எச்.ஆர். நேர்காணலில் தேறிவிடுவார். நியமனத் தகுதியை விதியோடு ஒப்பிடும் இடத்தில்தான் சிக்குவார்.

ஏனென்றால் ஃபேக்டரியின் சேஃப்டி ஆபீசர் என்பது சட்டம் சொல்லும் பதவி. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தில் அது 40-பி பிரிவாக இருந்தது. அதன்கீழ் வந்த விதிகள் மூன்றை ஒன்றாகக் கேட்டன. முதலாவது, அடிப்படைப் படிப்பும் அனுபவமும்: பொறியியல் பட்டம் என்றால் ஃபேக்டரியில் சூப்பர்வைசர் நிலையில் 2 ஆண்டு, பொறியியல் டிப்ளமோவோ இயற்பியல், வேதியியல் பட்டமோ என்றால் 5 ஆண்டு. இரண்டாவது, மாநில அரசு ஏற்ற தொழிலகப் பாதுகாப்புப் பட்டம் அல்லது டிப்ளமோ. மூன்றாவது, தொழிலாளர்களில் பெரும்பாலோர் பேசும் மொழி தெரிந்திருப்பது. நெபோஷும் ஓஷாவும் இந்த இரண்டாவது இடத்தை நிரப்பாது. ஓஷா 30 என்பது அமெரிக்க ஓஷாவின் கணக்கிலேயே விழிப்புணர்வுப் பயிற்சிதான், தகுதிச் சான்று அல்ல.

நம் ஆளுக்கு இன்னொரு சிக்கல், அனுபவச் சான்றில். ஆறு வருடத்தில் முதல் ஒன்று டிரெய்னி, அடுத்த இரண்டு ஆபரேட்டர், கடைசி மூன்றுதான் ஷிஃப்ட் சூப்பர்வைசர். விதி எண்ணுவது அந்த மூன்றை மட்டும். ஆக, இன்னும் இரண்டு வருடம் குறைகிறது. "2019 முதல் பணியாற்றினார்" என்று ஒரே வரியில் எழுதிய கடிதம் உதவாது. எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை என்ன பதவி, கீழே எத்தனை பேர் என்று லெட்டர்ஹெட்டில் பிரித்து எழுதி வாங்க வேண்டும். இதை வேலையில் இருக்கும்போதே வாங்கிவிடுவது நல்லது. ராஜினாமா கொடுத்தபின் எச்.ஆர். தன் வழக்கமான ஒற்றை வரிக் கடிதத்தைத்தான் நீட்டும்.

கட்டுமான சைட் என்றால் கதை வேறு. அங்கே 1998ஆம் ஆண்டின் மத்தியக் கட்டுமானத் தொழிலாளர் விதிகள், அனுபவத்தைக் கட்டுமான வேலையிலேயே கேட்டன. டிப்ளமோவில் கட்டுமானப் பாதுகாப்பு ஒரு விருப்பப் பாடமாவது இருக்க வேண்டும் என்றன. ஃபேக்டரி அனுபவத்தை அங்கே காட்டினால் எடுபடாது.

டிப்ளமோ சேரும்போது ஏமாறுவது பெயரில். "ஃபயர் அண்ட் சேஃப்டி டிப்ளமோ, ஆறு மாதம், பிளஸ் டூ போதும்" என்ற விளம்பரங்களில் வரும் "அரசுப் பதிவு பெற்றது" என்பது பெரும்பாலும் அறக்கட்டளையின் பதிவுதான், படிப்பின் அங்கீகாரம் இல்லை. பொறியியல் படிப்பே கேட்காமல் சேர்க்கிறார்கள் என்பதே முதல் எச்சரிக்கை. சான்றிதழில் கையெழுத்திடும் அமைப்பு எது, அந்தப் படிப்பை அரசு ஏற்ற ஆணையின் எண் என்ன என்று கேளுங்கள். பின்பு தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தில் சரிபாருங்கள். சென்னை தரமணியிலுள்ள மண்டலத் தொழிலாளர் நிறுவனத்தின் ஓராண்டுப் படிப்பு நேரடியாகச் சென்று படிப்பது. வேலையை விடாமல் படிக்க முடியுமா, கம்பெனி ஸ்பான்சர் செய்யுமா என்பதை முதலில் பேசி முடிக்க வேண்டும். நம் ஆளைப் போலச் சூப்பர்வைசர் அனுபவம் குறைகிறவர், அந்த அனுபவத்தை நிறுத்தாமல் படிக்க வழி தேடுவதே லாபம்.

அப்படியானால் குறுகிய கோர்ஸ் வீணா? வளைகுடா வேலைக்கும் பெரிய கான்ட்ராக்டர்களின் சேஃப்டி சூப்பர்வைசர் பதவிக்கும் நெபோஷ் கேட்கப்படுவதுண்டு. ரிஸ்க் அசெஸ்மென்ட் எழுதும் பழக்கமும் அதில் வரும். கவனம் வேண்டியது விபத்து விகிதக் கணக்கில். 400 பேர், 8 மணி நேரம், 300 நாள் என்றால் 9,60,000 மனித மணி. அதில் வேலைநாள் இழப்புள்ள விபத்து 2. நம் இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 3786 முறையில் 10 லட்சத்தால் பெருக்கி, மனித மணியால் வகுத்தால் விகிதம் 2.08. ஓஷா முறையில் 2 லட்சத்தால் பெருக்கி அதேபோல் வகுத்தால் 0.42. நேர்காணலில் எந்த முறை என்று சொல்லாமல் 0.42 என்றால், இங்குள்ளவர் தப்பு என்றே எடுத்துக்கொள்வார்.

பழைய தொழிற்சாலைகள் சட்டத்துக்குப் பதிலாக 2025 நவம்பர் 21 முதல் நடப்புக்கு வந்த பணியிடப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம், சேஃப்டி ஆபீசர் கட்டாயமாகும் வரம்பை ஃபேக்டரிகளுக்கு 1,000 தொழிலாளரிலிருந்து 500 ஆகவும், அபாயகரமான செய்முறை உள்ள ஃபேக்டரிகளுக்கும் கட்டுமானத்துக்கும் 250 ஆகவும் வைத்திருக்கிறது. இடங்கள் கூடலாம். ஆனால் தகுதியை அந்தச் சட்டம் தானே சொல்வதில்லை, விதிகளிடம் விட்டிருக்கிறது. அதனால் கட்டணம் கட்டும் முன், அன்றைக்கு நடப்பில் இருக்கும் விதியின் நகலை இயக்ககத்தில் கேட்டு வாங்கி, படிப்பு, அனுபவம், டிப்ளமோ மூன்றையும் அதோடு வரிக்கு வரி ஒப்பிட்டுப் பாருங்கள்.