விடுதி அறை, ஒரு போன், பேட்டி ஒலிப்பதிவுகள்: முதலீடில்லாமல் நான் சம்பாதித்த விதம்

கையில் பணம் போடாமல் போனில் மட்டும் சம்பாதிக்க வழி தேடுபவர்களுக்கு முதலில் கண்ணில் படுவது சர்வே ஆப்களும் விளம்பரம் பார்க்கும் ஆப்களும்தான். அவற்றில் பெரும்பாலும் குறைந்தபட்சத் தொகை சேர்ந்த பிறகுதான் பணத்தை எடுக்க முடியும். அந்த அளவை எட்டுவதற்குள் சலிப்பு வந்துவிடும். நான் வேறு பக்கம் போனேன். ஆய்வு மாணவர்கள் எடுத்த பேட்டிகளின் ஒலிப்பதிவைக் கேட்டு, அதை எழுத்தாக்கிக் கொடுக்கும் வேலை. டிரான்ஸ்கிரிப்ஷன் என்பார்கள். தமிழை நன்றாகக் கேட்டு எழுதத் தெரிந்தால் போதும். போனும் இயர்போனும் ஏற்கெனவே நம்மிடம் இருக்கின்றன.

வேலை எங்கே கிடைக்கும் என்று நான் இணையத்தில் தேடவில்லை. எங்கள் விடுதியின் மேல் தளத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்யும் அக்காக்கள் இருந்தார்கள். கள ஆய்வுக்குப் போய் வந்தவர்கள் ஒவ்வொருவரிடமும் மணிக்கணக்கில் பேட்டிகள் எழுதப்படாமல் கிடக்கும். அதை எழுதி முடித்தால்தான் அடுத்த இயலைத் தொடங்க முடியும். ஆனால் உட்கார்ந்து எழுத நேரம் இருக்காது. அவர்களில் ஒருவரிடம், "அக்கா, உங்க பேட்டில ஒரு அஞ்சு நிமிஷம் குடுங்க, எழுதித் தரேன், பிடிச்சிருந்தா மீதியப் பேசலாம்" என்று கேட்டேன். அந்த ஐந்து நிமிடம்தான் என் விண்ணப்பம், சான்றிதழ் எல்லாம்.

மாதிரிக்கான ஐந்து நிமிடத்தைப் பதிவின் நடுவிலிருந்து கேட்டு வாங்குங்கள். தொடக்கத்தில் பெயர், ஊர், வயது என்று எல்லாரும் நிதானமாகப் பேசுவார்கள், தெளிவாகக் கேட்கும். அதை வைத்து வேலையை எடைபோட்டால் கணக்கு தப்பிவிடும். நடுப்பகுதியில்தான் உண்மை தெரியும்: பேசுபவர் உணர்ச்சிவசப்பட்டு வேகமாகப் பேசுவார், பக்கத்து வீட்டார் வந்து சேர்ந்துகொள்வார், மின்விசிறி இரையும். எத்தனை குரல்கள், பின்னணியில் என்ன சத்தம், வட்டார வழக்கு நமக்குப் பழக்கமானதா என்ற மூன்றையும் அங்கே பார்த்துவிடலாம்.

எனக்குக் கிடைத்தது வயதான நெசவாளர் ஒருவரின் 40 நிமிடப் பேட்டி. இரண்டு குரல்கள், இடையிடையே தறிச் சத்தம். கோப்பு வேவ் வடிவில் இருந்தது. அந்த வடிவில் ஒரு மணி நேர ஸ்டீரியோ பதிவு 600 எம்பியைத் தாண்டிவிடும். விடுதி வைஃபையில் இறக்குவதும் சிரமம், போனில் இடமும் போகும். அதனால் எம்பி3 ஆக மாற்றி அனுப்பச் சொன்னேன். பேச்சைக் கேட்டு எழுத அந்தத் தரம் போதும்.

தொடங்குவதற்கு முன் கேட்க வேண்டிய முக்கியமான கேள்வி ஒன்று உண்டு: பேசியதைப் பேசியபடியே வேண்டுமா, திக்கல் தடுமாறல்களை நீக்கி வேண்டுமா? பேட்டியில், தறியில் நெடுக்காக ஓடும் நூலான பாவைப் பற்றி இப்படி ஒரு வரி வந்தது: "அது வந்து... நாங்க அப்ப, ம்ம், பாவு போடுறதுக்கே, பாவு போடுறதுக்கே விடியக்காலம் எந்திரிச்சிருவோம்." மொழியியல் ஆய்வுக்கு இது அப்படியே வேண்டும். அந்த 'ம்ம்' கூட அவர்களுக்குத் தரவுதான். சமூகவியல் ஆய்வு என்றால், "நாங்க அப்ப பாவு போடுறதுக்கே விடியக்காலம் எந்திரிச்சிருவோம்" என்றால் போதும். எந்த வகையானாலும் 'எந்திரிச்சிருவோம்' என்பதை 'எழுந்துவிடுவோம்' என்று நாமாகத் திருத்தக் கூடாது. அவர் பேசிய தமிழ் அவருடையது. அதைத் திருத்தினால் ஆய்வாளருக்கு அந்தப் பேட்டியால் பாதிப் பயன் போய்விடும். என்னிடம் கேட்டது இரண்டாவது வகை.

இனி வேலை நடக்கும் முறை. போனின் திரையை இரண்டாகப் பிரித்து, மேலே கூகுள் டாக்ஸ், கீழே வி.எல்.சி. பிளேயர் வைத்துக்கொண்டேன். விரலால் மட்டும் தட்டச்சு செய்தால் கை வலிக்கும், நேரமும் அதிகம். அதனால் ஜிபோர்ட் விசைப்பலகையின் குரல்வழித் தட்டச்சைப் பயன்படுத்தினேன். இதில் ஒரு சிக்கல் உண்டு. மைக்கைத் தொட்டவுடன் ஓடிக்கொண்டிருக்கும் ஆடியோ பெரும்பாலும் நின்றுவிடும். ஒரே நேரத்தில் கேட்டுக்கொண்டே பேச முடியாது. ஆகவே ஒரு வாக்கியம் கேட்பது, நிறுத்துவது, அதை நம் குரலில் தெளிவாகத் திருப்பிச் சொல்வது, மறுபடி ஓடவிடுவது என்றுதான் போக வேண்டும். இயர்போன் கம்பியில் இருக்கும் பொத்தானே நிறுத்தவும் ஓடவிடவும் உதவும். ஒவ்வொரு முறையும் திரையைத் தேடித் தொட வேண்டியதில்லை.

பதிவையே நேராக மைக்குக்குக் கேட்கவிட்டால் என்ன என்று தோன்றும். தறிச் சத்தத்தோடு வட்டார வழக்கில் வரும் பேச்சைப் போட்டுப் பார்த்தால் தெரியும், பாதி வாக்கியம் காணாமல் போயிருக்கும், மீதி வேறு ஏதோவாக இருக்கும். நாம் கேட்டுப் புரிந்துகொண்டு திருப்பிச் சொல்வதால்தான் தேறுகிறது. அப்போதும் தொழில் சொற்கள் தப்பும். 'பாவு' என்றால் 'பாவம்' என்று விழும், குறுக்கே ஓடும் நூலான 'ஊடை' என்றால் 'உடை' என்று விழும். இப்படிப்பட்ட சொற்களை முதலிலேயே அக்காவிடம் கேட்டு ஒரு சின்னப் பட்டியல் எழுதிக்கொண்டேன். அடிக்கடி வருவனவற்றை ஜிபோர்டின் தனி அகராதியில் குறுக்கு எழுத்துகளோடு சேர்த்துவைத்தால், இரண்டு எழுத்துத் தட்டியதும் முழுச் சொல்லும் பரிந்துரையில் வந்து நிற்கும். 'கேள்வி கேட்பவர்:', 'நெசவாளர்:' என்று யார் பேசுகிறார் எனக் காட்டும் தலைப்புகளையும் அப்படியே வைத்துக்கொண்டேன்.

காதில் விழாத இடத்தை ஊகித்து நிரப்பக் கூடாது. [புரியவில்லை 00:23:14] என்று நேரத்தோடு குறித்துவிட்டு மேலே போக வேண்டும். ஓரளவு தெரிகிறது, உறுதியில்லை என்றால் [ஊடை? 00:23:14] என்று கேள்விக்குறியோடு போடலாம். பேட்டி எடுத்தவர் அந்த நொடிக்குப் போய்க் கேட்டால் அவருக்குச் சட்டென்று புரிந்துவிடும், ஏனென்றால் அவர் நேரில் இருந்தவர். ஒரு பக்கத்துக்கு ஐந்தாறு இடங்களில் இப்படி வந்தால் பதிவு மோசம் என்று பொருள். அப்போதே சொல்லிவிடுவது இருவருக்கும் நல்லது.

முதல் சுற்று முடிந்ததும் வேலை முடிந்ததுபோல் இருக்கும். உண்மையான தவறுகள் இரண்டாவது சுற்றில்தான் தெரியும். பதிவைக் கொஞ்சம் வேகமாக, 1.25 மடங்கில் ஓடவிட்டு, எழுதியதை வரி வரியாகக் கண்ணால் தொடர்ந்தேன். தேட வேண்டியது எழுத்துப் பிழையைவிடப் பொருள் மாறும் இடங்கள்தான். "கூலி குடுக்கல" என்று அவர் சொன்னது திரையில் "கூலி குடுக்க" என்று நின்றது. ஒரு 'ல' போனால் முதலாளி கூலி கொடுக்காதவர் என்ற செய்தியே போய்விடுகிறது. எண்களும் அப்படித்தான். "ரெண்டு மூணு பேர்" என்பது 23 பேர் ஆகிவிடலாம். அதனால் எதிர்மறைச் சொற்கள், எண்கள், பெயர்கள் ஆகிய மூன்று இடங்களில் மட்டும் நின்று மறுபடி கேட்பது என்று வைத்துக்கொண்டேன்.

நேரக் கணக்குக்கு வருகிறேன், கூலி பேசுவதற்கு அதுதான் அடிப்படை. ஒரு நிமிடப் பேச்சை எழுத எனக்கு ஏறக்குறைய 6 நிமிடம், சரிபார்க்க 2 நிமிடம், ஆக 8 நிமிடம் ஆயிற்று. 40 நிமிடப் பேட்டி என்றால் 320 நிமிடம், அதாவது 5 மணி 20 நிமிடம். கூலியை ஆடியோ நிமிடத்துக்கு இவ்வளவு என்று பேசுவது வழக்கம். ஒரு மணி நேர உழைப்புக்கு நாம் எவ்வளவு எதிர்பார்க்கிறோமோ அதை 7.5 ஆல் வகுத்தால் ஒரு ஆடியோ நிமிடத்தின் விலை வரும், ஏனென்றால் ஒரு மணி நேரத்தில் நம்மால் முடிப்பது ஏழரை நிமிடப் பதிவுதான். நான்கைந்து பேர் ஒன்றாகப் பேசும் குழு உரையாடல் என்றால் இதே கணக்கு கிட்டத்தட்ட இரட்டிப்பாகும். அதற்குத் தனி விலை சொல்ல வேண்டும். "ஒரு பேட்டிக்கு இவ்வளவு" என்று மொத்தமாக ஒத்துக்கொள்ளாதீர்கள். சில பேட்டிகள் இரண்டு மணி நேரம் ஓடும்.

அந்த 5 மணி 20 நிமிடத்தையும் ஒரே மூச்சில் உட்கார்ந்து முடிக்க முடியாது. இயர்போனைப் போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் கூர்ந்து கேட்டால் காது மந்தமாகிவிடும், அதன்பின் எழுதுவதில் தவறு கூடும். வகுப்பு முடிந்து மாலையில் ஒரு மணி நேரம், காலையில் ஒரு மணி நேரம் என்று பிரித்துக்கொண்டேன். அறையில் தோழி தூங்கும்போது குரல்வழித் தட்டச்சு நடக்காது. கிசுகிசுத்தால் மைக்குப் புரியாது. அந்த நேரத்தைச் சரிபார்க்கும் சுற்றுக்கு வைத்துக்கொண்டால் வீணாகாது.

இன்னொரு காரணத்துக்காகவும் இடம் முக்கியம். பேட்டியில் ஒருவர் தன் கடனையும் குடும்பச் சண்டையையும் சொல்லியிருப்பார். ஆய்வாளரை நம்பிச் சொன்னது அது. அதை நாம் விடுதி வராந்தாவில் உரக்கத் திருப்பிச் சொல்லக் கூடாது. அப்படிப்பட்ட பகுதிகளை விரலால்தான் தட்டினேன். குரல்வழித் தட்டச்சைப் பயன்படுத்தலாமா என்று ஆய்வாளரிடம் முன்கூட்டியே கேட்டுவிட வேண்டும், சிலர் வேண்டாம் என்பார்கள். அப்போது நேரம் கூடும், விலையும் அதற்கேற்ப மாறும்.

பணம் வாங்குவதில் நான் வைத்துக்கொண்ட முறை எளிது. முதல் 10 நிமிடத்தை எழுதிக் கொடுத்து அதற்கான பணம் வந்த பிறகு அடுத்த பகுதி. தெரியாதவரிடம் இது ரொம்பவே அவசியம். தெரிந்தவர்களும் இதைத் தவறாக நினைப்பதில்லை, அவர்களுக்கும் தரத்தை இடையிலேயே பார்க்க முடிகிறது.

அப்புறம், 'டேட்டா என்ட்ரி வேலை, வீட்டிலிருந்தே செய்யலாம்' என்று வரும் செய்திகளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். என் அறைத் தோழிக்கு அப்படி ஒன்று வந்தது. பதிவுக் கட்டணம் கேட்கவில்லை, அதனால் அவள் நம்பினாள். ஒப்பந்தம் ஒன்றில் ஒப்புதல் தரச் சொன்னார்கள். நூற்றுக்கணக்கான பக்கங்களைக் குறுகிய நாளுக்குள் தட்டித் தர வேண்டும், பிழை குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் அபராதம். அவள் தட்டிக் கொடுத்ததும் தரம் போதவில்லை என்று சொல்லி, அபராதம் கட்டாவிட்டால் வழக்கு என்று மிரட்டினார்கள். அந்த வேலையே அபராதத்துக்காகத்தான் உருவாக்கப்பட்டது. அவள் பணம் அனுப்பவில்லை. வந்த செய்திகளை எல்லாம் படமெடுத்து வைத்துக்கொண்டு விடுதிக் காப்பாளரிடமும் காவல்துறையிலும் சொன்னாள். எந்தப் பெயரில் வந்தாலும் வேலை கொடுப்பவருக்கு நாம் பணம் தரும்படி ஒரு விதி இருந்தால், அங்கேயே விட்டுவிடுங்கள். "உங்கள் வங்கிக் கணக்கில் பணம் வரும், கமிஷன் எடுத்துக்கொண்டு மற்றொரு கணக்குக்கு அனுப்புங்கள்" என்பதும் இதைவிட ஆபத்து. அது திருட்டுப் பணமாக இருந்தால் கணக்கு முடக்கப்படும், விசாரணை நம் பெயரில் வரும்.

எழுத்தாக்கும் வேலை வருடம் முழுவதும் ஒரே சீராக வராது. கள ஆய்வு முடிந்து திரும்பும் காலத்திலும் ஆய்வேடு சமர்ப்பிக்கும் காலத்துக்கு முன்பும் குவியும், மற்ற நாட்களில் ஒன்றும் இருக்காது. அதனால் இதை நம்பி மாதச் செலவைத் திட்டமிட முடியாது. வேலை முடிந்து முழுப் பணமும் வந்ததும் பதிவையும் எழுத்துப் படியையும் போனிலிருந்து அழித்துவிட்டு, கூகுள் ட்ரைவின் குப்பைத் தொட்டியையும் காலி செய்துவிட்டு, "அழித்துவிட்டேன் அக்கா" என்று ஒரு வரி அனுப்பினேன். அதே நாளில் அவர் தன் துறைத் தோழி ஒருவருக்கு என் எண்ணைக் கொடுத்தார்.