50-ஐ நீக்கும்போது தொலைந்துபோகும் 65

ஈரோட்டில் என்னிடம் டேட்டா ஸ்ட்ரக்சர் பயிலும் மாணவர்களுக்கு: 50, 30, 70, 60, 80, 65 என்ற வரிசையில் எண்களைச் செருகி வரைந்த பைனரி சர்ச் ட்ரீயிலிருந்து 50-ஐ நீக்கும்போது, வலப்பக்கத்தின் மிகச் சிறிய எண்ணான 60-ஐ வேருக்குச் சரியாக ஏற்றிவிடும் பலர், அதன் வலச்சேயான 65-ஐ 70-இன் இடச்சேயாக இணைக்க மறந்துவிடுகிறீர்கள்; சிலர் 60-ஐப் பழைய இடத்திலும் விட்டுவைக்கிறீர்கள்.

வரைந்து முடித்ததும் மரத்தை இடம், வேர், வலம் என்ற முறையில் படித்துப் பாருங்கள். 30, 60, 65, 70, 80 என்று வர வேண்டும். ஓர் எண் விடுபட்டாலோ இருமுறை வந்தாலோ நீக்கலில் பிழை உள்ளது.

செருகும்போது ஒற்றைச் சேயை நேர்கீழாக வரைவதுதான் எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. கோடு வலப்புறம் சாய்ந்திருந்தால்தான் 65 என்பது 60-இன் வலச்சேய் என்று எடுத்துக்கொண்டு என்னால் மதிப்பெண் வழங்க முடியும்.