பாசித் திட்டத்தின் இறுதிக் கணக்கு: கோப்பு எங்கே திரும்பி வருகிறது

ஒரு வழியாகக் கோப்பை ஏற்றுக்கொண்டார்கள். மண்டபம் பக்கம் மகளிர் குழுக்களுக்கு மூங்கில் மிதவையில் கடல்பாசி வளர்க்க மத்திய அரசுத் துறை ஒன்று கொடுத்த மானியம். அனுமதித்த தொகை 10,00,000 ரூபாய், கைக்கு வந்தது 9,00,000. மிச்சம் பத்து சதவீதம் இறுதிக் கணக்கை ஏற்ற பிறகுதான் வரும். அதுவரை செலவைச் சொந்த நிதியிலிருந்து ஓட்டியாக வேண்டும்.

வவுச்சருக்கு எண் போடுவது, பேரேடு எழுதுவது, ஆடிட்டரிடம் கொடுப்பது எல்லாம் இந்த வேலையில் இருப்பவர்களுக்குப் பழகியதுதான். கோப்பு திரும்பியது அங்கே இல்லை. "மாறுபாட்டுக்கான விளக்கம் போதவில்லை" என்று ஒரே வரி எழுதி அனுப்பிவிட்டார்கள். எந்தத் தலைப்பு, என்ன போதவில்லை என்று ஒரு சொல் கிடையாது. போனில் கேட்டால் "சாங்ஷன் ஆர்டரைப் படிங்க சார்" என்று வைத்துவிட்டார்கள். எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் விடை அந்த ஆர்டரின் நிபந்தனைப் பக்கத்தில்தான் இருந்தது: எந்தத் தலைப்பிலும் பத்து சதவீதத்துக்கு மேல் கூடினால் முன் அனுமதி வேண்டும்.

மொத்தச் செலவு 9,93,000. அனுமதித்ததைவிட 7,000 குறைவு. மொத்தம் குறைந்துவிட்டதே, இனி யார் கேட்கப் போகிறார்கள் என்று தோன்றும். கேட்பார்கள். அவர்கள் கடைசி வரியைப் பார்ப்பதில்லை, ஒவ்வொரு தலைப்பாகப் பார்க்கிறார்கள். ஊதியமும் நிர்வாகச் செலவும் மதிப்பீட்டை ஒட்டியே இருந்தன. சிக்கல் படகு வாடகையில்.

படகு வாடகைக்கு அனுமதி 80,000, செலவு 91,200. கூடுதல் 11,200, அதாவது 14 சதவீதம். இதற்கு எல்லாருக்கும் சட்டென்று தோன்றும் விளக்கம், "மிதவை கூடியது, அதனால் படகு நடையும் கூடியது" என்பது. கேட்க நியாயமாக இருக்கும், ஆனால் வவுச்சரை எண்ணினால் நிற்காது. மதிப்பீட்டில் 80 நடை, நடைக்கு 1,000 ரூபாய். நடந்தது 76 நடை, நடைக்கு 1,200. நான்கு நடை குறைந்ததால் 4,000 மிச்சம், வாடகை 200 ஏறியதால் 15,200 கூடுதல், இரண்டையும் கழித்தால் அதே 11,200. ஆக, நடை குறைந்திருக்கிறது, ஏறியது வாடகைதான். எண்ணிக்கையால் எவ்வளவு, விலையால் எவ்வளவு என்று இரண்டாகப் பிரித்து எழுதாத விளக்கத்தைத்தான் "போதவில்லை" என்கிறார்கள்.

வாடகை ஏறியதற்கு ஆதாரம் வேண்டுமே. வள்ளக்காரர்களிடம் அச்சடித்த பில் இருக்காது. வவுச்சரில் படகின் பதிவு எண், தேதி, எந்தக் கரையிலிருந்து எந்த மிதவை வரிசைக்கு, எத்தனை பேர், என்ன வேலை என்று எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். 5,000 ரூபாய்க்கு மேல் போனால் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி, அதன் மேல் கையெழுத்து. இதை அன்றன்றைக்கே வாங்கிவிடுங்கள். திட்டம் முடிந்த பிறகு ஒரே நாளில், ஒரே பேனாவில், ஒரே கையெழுத்தில் எழுதிய வவுச்சர் கட்டைப் பார்த்தவுடனே தெரிந்துவிடும்.

இவ்வளவு காட்டியும் பத்து சதவீதத்துக்கு மேல் போன பகுதியை விடமாட்டார்கள். 80,000-க்கு உச்சம் 88,000. மிச்சம் 3,200 நம் தலையில். அதற்காக அறிக்கையில் செலவை 88,000 என்று குறைத்து எழுதிவிடக் கூடாது. பேரேடு 91,200 சொல்லும், அறிக்கை வேறு சொல்லும், பிறகு எல்லாத் தலைப்பிலும் சந்தேகம் வரும். உண்மைச் செலவு 91,200 அப்படியே இருக்கட்டும். பக்கத்தில் "இதில் 3,200 நிறுவனத்தின் சொந்த நிதி" என்று ஒரு வரி போதும். மானியத்தில் ஏற்கத்தக்க செலவு 9,89,800 ஆகிவிடும்.

குறைந்த தலைப்புக்கும் விளக்கம் வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பயிற்சிக்கு அனுமதி 1,80,000, செலவு 1,21,500. ஆறு முகாமில் நான்குதான் நடந்தது, வடகிழக்குப் பருவமழையில் இரண்டு நின்றுபோனது. அதனால் 60,000 குறைவு. நடந்த நான்கிலும் முகாமுக்கு 375 கூடியதில் 1,500 அதிகம். இப்படி எழுதினால் கேள்வி வராது. வந்த ஒரே கேள்வி சாப்பாட்டு பில்லில். ஒரு முகாமின் வருகைப் பதிவேட்டில் 31 கையெழுத்து, ஓட்டல் பில்லில் 40 சாப்பாடு. மிச்சம் ஒன்பது பேர் சமையல், படகு ஆட்கள், பயிற்சி கொடுத்தவர்கள். அவர்கள் பெயரைப் பில்லின் பின்பக்கமே எழுதியிருந்ததால் தப்பித்தோம்.

மிதவைத் தலைப்பு 4,50,000-லிருந்து 4,92,000 ஆனது. மிதவைக்கு 1,500 வீதம் 300 போட வேண்டியது, காற்றில் 28 உடைந்து மறுபடி கட்டியதால் 328 ஆனது. 9.33 சதவீதம், வரம்புக்குள்தான். ஆனால் உடைந்ததற்குச் சாட்சி வேண்டும். குழுப் பெண்கள் கையெழுத்திட்ட அன்றைய தீர்மானம், தேதியோடு புகைப்படம், பாம்பனில் புயல் கூண்டு ஏற்றிய செய்தி வந்த நாளிதழ்ப் பக்கம், இந்த மூன்றையும் வைத்தோம். புகைப்படத்தில் அறுந்த கயிறும் பிளந்த மூங்கிலும் தெரிய வேண்டும். வெறும் கடலைப் படம் எடுத்து வைத்து என்ன பயன்?

அடுத்தது வங்கி. மார்ச் 31-இல் பாஸ்புக் மீதி 34,100, ரொக்கப் பேரேட்டில் 21,600. வித்தியாசம் 12,500. மார்ச் கடைசியில் ராமநாதபுரத்துக் கயிற்றுக் கடைக்குக் கொடுத்த செக் அது, ஏப்ரலில்தான் பாஸானது. வங்கிச் சரிக்கட்டுப் பட்டியலோடு ஏப்ரல் மாதப் பாஸ்புக் பக்கத்தையும் சேர்த்து வையுங்கள். செக் எண் இரண்டிலும் பொருந்தினால் பேச்சே இல்லை.

மிஞ்சிய அந்த 21,600 முழுக்க வட்டி. நமக்கு வர வேண்டியது 89,800. வட்டியைக் கழித்துக்கொண்டு 68,200 மட்டும் கேட்கலாமே என்று ஆசை வரும், செய்யாதீர்கள். 2017-ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகளில் 230(8) தெளிவாகவே சொல்கிறது: மானியத்தில் கிடைத்த வட்டி அரசுக்குத் திரும்பியாக வேண்டும், பின்னால் வரும் தவணையில் சரிக்கட்ட முடியாது. 12-ஏ பயன்பாட்டுச் சான்றிதழிலேயே கிடைத்த வட்டிக்கு ஒரு கட்டம், திருப்பிக் கட்டிய வட்டிக்கு இன்னொரு கட்டம் இருக்கிறது. பாரத்கோஷில் கட்டி ரசீதைச் சேர்த்த பிறகுதான் நம் பணம் நகர்ந்தது. கட்டும்போது எந்தத் துறை, எந்தக் கணக்குத் தலைப்பு என்று அவர்களிடமே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வேறு தலைப்பில் போய்விட்டால் அதைத் தேடி எடுப்பது பெரும்பாடு.

ஆடிட்டர் சான்றிதழைக் கடைசிக்கு வையுங்கள். அதில் யூடின் எண் இருக்கும், அந்த எண்ணோடு சான்றிதழின் தொகையும் பதிவாகும். பிறகு ஒரு ரூபாய் மாறினாலும் புதிய சான்றிதழ், புதிய யூடின், கூடவே ஆடிட்டரின் முகச்சுளிப்பு. அதனால் 9,89,800 என்பது மாறுபாட்டு அறிக்கை, பயன்பாட்டுச் சான்றிதழ், வரவு செலவுக் கணக்கு மூன்றிலும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்த பிறகே கையெழுத்துக்குக் கொடுங்கள்.

89,800 கணக்கில் ஏறிவிட்டது. 3,200-ஐ நிர்வாகக் குழுத் தீர்மானம் போட்டுச் சொந்த நிதியில் எழுதிக்கொண்டோம். அந்தத் தீர்மானத்தின் நகலும் கோப்பில் இருக்கிறது.