ஃப்ளெக்ஸ் டிசைனைச் சுருக்கி வாட்ஸ்அப்பில் போடச் சொன்னவர்களுக்காக

மேலூர் பக்கம் எங்கள் ஊர் முத்தாலம்மன் கோவில் பங்குனிப் பொங்கலுக்கு வாட்ஸ்அப் அழைப்பு ஒன்று போட்டுக்கொடுக்கும் வேலை இந்த வருடம் என் தலையில் விழுந்தது. ஃபாண்ட் இறக்குவது, படம் வைப்பது, கலர் போடுவது எல்லாம் உங்களுக்கே தெரியும், அதை விடுகிறேன். என்னை அலைக்கழித்தது பிரஸ்ஸில் இருந்து வந்த ஃபைல்தான்.

ஊர் எல்லையில் கட்டும் ஃப்ளெக்ஸை டவுனில் ஒரு பிரஸ்ஸில் அடித்திருந்தார்கள். அதையே சுருக்கி போனுக்கு அனுப்பிவிட்டால் வேலை முடிந்தது என்பது கமிட்டி மாமாவின் கணக்கு. சுருக்கிப் பார்த்தால் அம்மன் முகம் மட்டும் தெரிகிறது, கீழே வரிசையாக உபயதாரர் தலைகள் மிளகு கொட்டியது போல, நிகழ்ச்சி நிரலில் ஒரு எழுத்துகூடப் படிக்க முடியவில்லை. சரி, எழுத்தையாவது வாங்கிப் புதிதாக அடுக்கலாம் என்று பிரஸ்ஸுக்குப் போனேன். ஆபரேட்டர் அண்ணன் ஆளைப் பார்க்காமலேயே, "ஜேபெக் கொடுத்தாச்சுல்ல தம்பி, இன்னும் என்ன?" என்றார். டைப் செய்த மேட்டர் வேண்டும் என்று புரியவைப்பதற்குள் மதியச் சாப்பாட்டு நேரம் வந்து கடையைப் பூட்டிவிட்டார். வெயிலில் பஸ் ஏறி வெறுங்கையோடு திரும்பினேன்.

அப்புறம் ஒரு வழியாக மேட்டர் வாட்ஸ்அப்பில் வந்தது, இப்படி:

```
nts;spf;fpoik
```

இதைப் பார்த்து ஃபைல் கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம். பழைய டிடிபி ஆட்கள் பலர் இன்னும் பாமினி மாதிரி ஃபாண்டில்தான் அடிக்கிறார்கள். உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து, மேலே தமிழ் வேஷம். அந்த ஃபாண்ட் இல்லாத இடத்தில் வேஷம் கலைந்துவிடும். மேலே இருப்பது 'வெள்ளிக்கிழமை'. பாமினியில் இருந்து யூனிகோடுக்கு மாற்றும் கன்வெர்ட்டர் எத்தனையோ இருக்கிறது, ஒட்டினால் மாறிவிடும். ஆனால் அங்கேதான் ஒரு குழி.

பாமினியில் ஒற்றைக்கொம்பு முதலில், பிறகு வ, பிறகு ள என்று அடிப்பார்கள். கொம்பும் ளகரமும் வகரத்துக்கு இரண்டு பக்கமும் நிற்பதைப் பார்த்துவிட்டு, சில கன்வெர்ட்டர்கள் அதை ஔகாரக் குறி என்று எடுத்துக்கொண்டு 'வௌ' ஆக்கிவிடும். கண்ணுக்கு ஏறக்குறைய ஒன்றுதான். புள்ளி வரும்போதுதான் குட்டு வெளிப்படும்: ஒரு போனில் சரியாகத் தெரியும், இன்னொன்றில் 'வௌ' தனியாக நிற்க, பக்கத்தில் புள்ளிகளால் ஆன ஒரு வட்டம் முளைத்து அதன் தலையில் புள்ளி உட்கார்ந்திருக்கும். எங்கள் நிரலில் முளைப்பாரி ஊர்வலமே வெள்ளிக்கிழமைதான், போதாக்குறைக்கு உபயதாரர் பட்டியலில் வெள்ளைச்சாமிகள் வேறு. மாற்றிய மேட்டரை நோட்பேடில் போட்டு ௌ என்ற குறியை மட்டும் தேடுங்கள். பௌர்ணமி, கௌரி மாதிரி சொற்களில் இருந்தால் விட்டுவிடுங்கள், மற்ற இடத்தில் எல்லாம் கையால் திருத்துங்கள். சில கன்வெர்ட்டர் நேர்மாறாக 'பெளர்ணமி' என்றும் போடும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

திருத்திய மேட்டரை எடுத்துக்கொண்டு மறுபடி பிரஸ். அங்கே இருந்தது பழைய போட்டோஷாப். ஒட்டியதும் 'பொங்கல்' என்ற சொல்லில் பகரம் முதலில், கொம்பு அதற்குப் பின்னால் என்று சிதறியது. "பாத்தியா, யூனிகோடு எல்லாம் டிசைனுக்கு ஆகாதுப்பா" என்று அண்ணனுக்கு ஒரே சந்தோஷம். யூனிகோடில் மெய் முதலில், கொம்பு பின்னால் என்றுதான் சேமிக்கப்படும். திரையில் கொம்பை முன்னால் கொண்டுவருவது மென்பொருளின் வேலை. பழைய போட்டோஷாப்பில் அந்த வேலை அணைந்து கிடக்கும். Preferences-இல் Type பகுதிக்குப் போய் `Middle Eastern and South Asian` (புதிய பதிப்புகளில் `World-Ready Layout`) என்பதைத் தேர்ந்து, மூடித் திறந்து, Paragraph பேனல் மெனுவிலும் `World-Ready Layout` வைத்தால் கொம்பு தன் இடத்துக்கு வரும். செய்து காட்டினேன். அண்ணன் ஒன்றும் பேசவில்லை, டீ மட்டும் வந்தது.

அதற்கப்புறம் அட்டையை வீட்டிலேயே 1080க்கு 1920 அளவில் புதிதாகப் போட்டேன். இங்கே ஒரு கணக்கு மனதில் இருந்தால் போதும்: பெரும்பாலான போன் திரைகள் எழுத்தைப் பொறுத்தவரை சுமார் 360 புள்ளி அகலம்தான், ஆக நீங்கள் 36 பிக்சலில் போடும் எழுத்து கையில் 12 அளவாகத் தெரியும். ஆங்கிலத்துக்கு அது ஒப்பேறும். ண, ன சுழிகளும் மி, மீ வித்தியாசமும் அந்த அளவில் கரைந்துவிடும். நிரல் வரிகளை 48க்குக் கீழே இறக்கவில்லை. 'பங்குனிப் பொங்கல் திருவிழா' 120 பிக்சலில் ஒரே வரியில் நிற்காது, அதற்காக எழுத்தை நெருக்கிச் சுருக்காமல் 'திருவிழா'வை அடுத்த வரிக்கு இறக்கினேன். வரி இடைவெளி எழுத்தளவைப் போல 1.4 மடங்காவது வேண்டும், இல்லையென்றால் மேல் வரியின் 'கு', 'கூ' வால்கள் கீழ் வரிப் புள்ளியில் போய் இடிக்கும். ஸ்டேட்டஸாக வைத்தால் மேலே பெயரும் கீழே பதில் பெட்டியும் மறைக்கும் என்பதால் இரண்டு முனையிலும் சுமார் 250 பிக்சல் காலியாக விட்டேன். எழுத்துகளுக்கு நடுவே இடைவெளி கூட்டும் ட்ராக்கிங்கைத் தொடவே தொடாதீர்கள். கால் ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கமாகப் போய் நிற்கும்.

ஃபாண்ட் நிரலுக்கு முக்த மலர். பேரிலேயே மதுரை இருப்பதால் ஹிந்த் மதுரையையும் போட்டுப் பார்த்தேன், அதுவும் நன்றாகத்தான் இருந்தது. தலைப்புக்கு பாலு தம்பி, ஆனால் இருப்பதிலேயே தடித்ததை எடுக்கவில்லை. தடிக்கத் தடிக்க சுழிக்குள் இருக்கும் வெளிச்சம் அடைந்துபோகும்.

மாமாவுக்கு இது பிடிக்கவில்லை. "ஃப்ளெக்ஸ்ல மாதிரி பார்டர் போடுய்யா, எடுப்பா இருக்கும்." ஃப்ளெக்ஸில் சிவப்பு எழுத்துக்கு மெரூன் பார்டர். எழுத்துக்கும் புள்ளிக்கும் நடுவே 12 பிக்சல் இருந்தால், 6 பிக்சல் பார்டர் இரண்டு பக்கத்தில் இருந்தும் வந்து அந்த இடத்தை அடைத்துவிடும். போட்டே காட்டினேன்: 'பால்குடம்' அவர் போனில் 'பாலகுடம' என்று தெரிந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் பார்த்துவிட்டு, "சரி எடுத்துரு" என்றார். கடைசியில் வெளிர் மஞ்சள் பின்னணி, அடர் மெரூன் எழுத்து, பார்டர் கிடையாது. பச்சை மேல் சிவப்பு கேட்டால் மறுத்துவிடுங்கள். வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கும்போது வெளிச்ச வித்தியாசத்தை ஓரளவு காப்பாற்றும், நிற வித்தியாசத்தைத்தான் முதலில் கைவிடும், அதனால் ஓரமெல்லாம் கலங்கிப்போகும்.

தலைகள் பிரச்சினை அப்படியே இருந்தது. உபயதாரர் படம் இல்லாமல் அழைப்பு போனால் அடுத்த வருடம் வரி வசூலே ஆகாது என்றார் மாமா, அதிலும் நியாயம் உண்டு. முதல் அட்டையில் அம்மன், தேதி, நிரல் மட்டும். படங்களும் பெயர்களும் இரண்டாவது அட்டையில், வரிக்கு மூன்று பேர் வீதம். இரண்டையும் ஒன்றாக அனுப்பச் சொல்லிவிட்டேன்.

அனுப்பிய சாயங்காலமே மும்பையில் இருக்கும் பெரியம்மா, முளைப்பாரி அன்று சாமிகும்பிட டிக்கெட் போட்டுவிட்டதாகச் சொன்னார். பெரிதாக்காமலேயே கிழமையைப் படித்தாராம். இரண்டாவது அட்டைக்கும் போன் வந்தது, இன்ஷியல் விட்டுப்போன ஒரு வெள்ளைச்சாமி அண்ணனிடம் இருந்து. பிரஸ் மேட்டரிலேயே அது இல்லை. சேர்த்து மறுபடி அனுப்பியாகிவிட்டது, ஃப்ளெக்ஸில் என்ன செய்வது என்று கமிட்டி இன்னும் பேசிக்கொண்டிருக்கிறது.